எல்லை எண் இல்லாத வேதிப்பொருளை எப்படிக் கையாள்வது: சிறு பெயின்ட் பட்டறைக்கான வழிகாட்டி

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் வழியில், படகுகளுக்கு எனாமல் பெயின்ட் தயாரிக்கும் சிறு பட்டறை ஒன்று இருக்கிறது. ஒரு கொட்டகை, நிறமி அரைக்கும் ஒரு பால் மில், இரண்டு கலக்கும் தொட்டிகள், நான்கு ஆட்கள். அதன் உரிமையாளர் ஒரு டப்பாவை என் முன் வைத்துக் கேட்டார்: "அண்ணே, இதற்கு எவ்வளவு வரை காற்றில் இருக்கலாம் என்று எங்கேயும் எழுதவில்லையே. அப்படியானால் ஆபத்து இல்லை என்றுதானே அர்த்தம்?"

அர்த்தம் அதுவல்ல. யாரும் எல்லை வகுக்கவில்லை என்பது மட்டும்தான் அர்த்தம். 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் நூற்றுச் சொச்சம் பொருட்களுக்குத்தான் எல்லை இருந்தது. பெயின்ட் கடையிலும் அழகுசாதனக் கடையிலும் புழங்கும் பொருட்களோ ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான் கன்ட்ரோல் பேண்டிங் என்கிற கட்டுப்பாட்டுப் படிநிலை முறை. காற்றை அளக்காமலே, பொருளின் கெடுதல், எடுக்கும் அளவு, காற்றில் கலக்கும் தன்மை ஆகிய மூன்றையும் வைத்து எந்த அளவு கட்டுப்பாடு தேவை என்று முடிவு செய்யலாம். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்புத் துறை வகுத்த முறையைத்தான் இங்கே பின்பற்றுகிறேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சிறு பட்டறைகளுக்காகத் தரும் கருவியும் இதே கணக்கில்தான் ஓடுகிறது.

அந்த டப்பாவையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அதில் இருந்தது மெத்தில் எத்தில் கீட்டாக்ஸைம். பட்டறையில் அதன் பெயர் 'ஆன்டி ஸ்கின்'. டின்னைத் திறந்து வைத்தால் பெயின்ட் மேல் ஆடை படியாமல் தடுப்பது இதன் வேலை. சில நாடுகள் இதற்கு எல்லை வைத்திருக்கின்றன. நம் அட்டவணையில் இல்லை.

## 1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாள் வேண்டும். எல்லோரும் எம்.எஸ்.டி.எஸ். என்று சொல்லும் அதேதான். அதில் நமக்கு வேண்டியவை நான்கு: ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனித்தனியாக உள்ள சிஏஎஸ் எண், H என்று தொடங்கும் அபாயக் குறியீடுகள், கொதிநிலை, தாளின் தேதி. நம் டப்பாவில் உள்ள பொருளின் சிஏஎஸ் எண் 96-29-7.

அடுத்து பேட்ச் அட்டை. ஒரு தடவைக்கு எவ்வளவு போகிறது என்பதை நினைவிலிருந்து சொல்லக்கூடாது. "கொஞ்சம்தான்" என்று சொல்லிவிட்டுத் தராசில் வைத்தால் அரைக் கிலோ காட்டிய சம்பவம் எனக்குத் தெரியும்.

மூன்றாவது, ஒரு சாதாரண வெப்பமானி. நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். நம் கரையில் கணக்கையே புரட்டிப்போடுவது இதுதான். அதைப் பிறகு காட்டுகிறேன்.

சிஏஎஸ் எண் இல்லாத தாளை வாங்கிக்கொள்ள வேண்டாம். 'ஆன்டி ஸ்கின் ஸ்பெஷல்' என்று வணிகப் பெயர் மட்டும் இருந்தால், உள்ளே இருப்பது என்ன என்று யாருக்கும் தெரியாது.

## 2. இந்த முறைக்குள் வராதவற்றை முதலில் ஒதுக்குங்கள்

எல்லை எண் இருக்கும் பொருளுக்குப் படிநிலை போடுவது வீண் வேலை. சைலீன், டொலுயீன் போன்றவற்றுக்கு எண் இருக்கிறது. அவற்றை அளந்து பார்க்க வேண்டும். ஈயம், கல்நார் ஆகியவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. சிலிக்காத் தூளும் அப்படித்தான்.

வேலையில் உண்டாகும் தூசியும் புகையும் இதில் வராது. பழைய படகைச் சுரண்டும்போது பறக்கும் தூள் எந்தத் தாளிலும் இல்லை. அதற்குக் குறியீடும் இல்லை. பெயின்டை ஸ்பிரே அடிக்கும்போது வரும் பனித்துளியையும் கொதிநிலையை வைத்துக் கணிக்க முடியாது. கொதிக்காத பொருளையும் ஸ்பிரே கன் காற்றில் ஏற்றிவிடும்.

ஆக, இந்த வழிகாட்டி எடை போடுவது, ஊற்றுவது, கொட்டுவது, கலக்குவது ஆகிய வேலைகளுக்கு மட்டும்.

## 3. அபாயத் தொகுதியைக் கண்டுபிடியுங்கள்

H குறியீடுகளை ஐந்து தொகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 'ஏ' லேசானது, 'இ' மிகக் கொடியது. முழுப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நம் தொழிலில் அடிக்கடி வருபவை இவை:

- ஏ: H315, H319, H336. வேறு எந்தத் தொகுதியிலும் சேராதவையும் இங்கேதான் வரும்.
- பி: H302, H312, H332
- சி: H301, H314, H317, H318, H335, H373
- டி: H351, H360, H361, H372
- இ: H334, H340, H341, H350

ஒரே பொருளுக்குப் பல குறியீடுகள் இருந்தால் மிகக் கொடியதே தொகுதியைத் தீர்மானிக்கும். சராசரி எடுக்கக்கூடாது. "எட்டுக் குறியீட்டில் ஏழு 'சி'க்குள்தானே" என்று ஒருவர் வாதாடினார். எட்டாவதுதான் புற்றுநோய்.

நம் டப்பாவுக்கு வருவோம். உரிமையாளரிடம் இருந்த தாளில் H351, அதாவது 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகம்' என்று இருந்தது. அதன்படி 'டி' தொகுதி. தாளின் அடியில் தேதியைப் பார்த்தேன்: 2017.

ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பொருளின் வகைப்பாட்டை மாற்றிவிட்டது. 2022 மார்ச் 1 முதல் அங்கே இது H350, அதாவது 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்'. கூடவே H301, H312, H370, H373, H315, H317, H318, H336. சந்தேகம் என்ற சொல் போய்விட்டது. 'டி' போய் 'இ' வந்துவிட்டது. பொருள் அதே பொருள்தான், டப்பாவும் அதேதான்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். கையில் கிடைத்த தாளே கடைசிச் சொல் என்று நம்பிவிடுகிறார்கள். வியாபாரி பழைய தாளையே நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஐரோப்பிய இரசாயன முகமையின் இணையதளத்தில் சிஏஎஸ் எண்ணைத் தட்டி, அங்கே உள்ள வகைப்பாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் கடுமையானதையே எடுங்கள்.

இதோடு இன்னொரு தவறும் சேர்ந்து வருகிறது. தயாரான பெயின்டின் தாளைப் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றும் இல்லையே" என்பது. H351 பொருள் ஒரு கலவையில் 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கலவைக்கு அந்த முத்திரை விழாது. H350 என்றால் வரம்பு 0.1 சதவீதம். எனாமலில் ஆன்டி ஸ்கின் போவது 0.2 சதவீதம் அளவில். பழைய கணக்கில் சுத்தமாக இருந்த பெயின்ட், புதிய கணக்கில் முத்திரை குத்தப்பட வேண்டிய பெயின்ட். எப்படியானாலும், டப்பாவைத் திறந்து ஊற்றும் ஆள் மூச்சில் இழுப்பது 0.2 சதவீதக் கலவையை அல்ல, முழுப் பொருளை.

## 4. ஒரு வேலைக்கு எவ்வளவு எடுக்கிறீர்கள்

மூன்றே அளவுகள்: கிராம் அல்லது மில்லிலிட்டர் கணக்கு சிறியது, கிலோ அல்லது லிட்டர் கணக்கு நடுத்தரம், டன் கணக்கு பெரியது. மாதம் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பது இங்கே கேள்வியல்ல. ஒரு தடவை கையில் எடுக்கும் அளவுதான் கேள்வி.

200 லிட்டர் எனாமல் பேட்ச் ஏறத்தாழ 220 கிலோ. அதில் 0.2 சதவீதம் 440 கிராம். ஆகவே தொட்டியில் சேர்க்கும் வேலைக்குச் 'சிறியது'.

ஆனால் அந்த 440 கிராம் எங்கிருந்து வந்தது? 25 கிலோ கேனைச் சாய்த்து ஐந்து லிட்டர் கேனில் ஊற்றி வைத்துக்கொள்கிறார்கள். அந்த வேலை கிலோ கணக்கு, 'நடுத்தரம்'. ஒரே பொருளுக்கு இரண்டு வேலைகள், இரண்டு வரிகள். "பொருளுக்கு ஒரு படிநிலை" என்று எழுதி வைத்தால் ஆபத்து அதிகமான வேலை பட்டியலிலேயே இருக்காது. ஒவ்வொரு வேலைக்கும் தனி வரி எழுதுங்கள்.

## 5. எவ்வளவு சுலபமாகக் காற்றில் ஏறும்

தூள் என்றால் கண்ணால் பார்த்தே சொல்லலாம். உருண்டையாக, உடையாமல் இருந்தால் குறைவு. சர்க்கரை மாதிரி குருணையாக இருந்து, தூசி எழுந்து உடனே அடங்கினால் நடுத்தரம். கொட்டியதும் புகை மாதிரி எழுந்து நிமிடக்கணக்கில் நின்றால் அதிகம். பெயின்ட் நிறமிகள் பெரும்பாலும் மூன்றாவது வகைதான். முகப்பவுடர் தயாரிப்பவர்களின் தூளும் அதுவே.

திரவம் என்றால் கொதிநிலை பார்க்க வேண்டும். 20 டிகிரியில் கணக்கு எளிது: 150க்கு மேல் கொதித்தால் ஆவியாகும் தன்மை குறைவு, 50க்குக் கீழே கொதித்தால் அதிகம், இடையில் நடுத்தரம். எல்லோரும் இந்த இரண்டு எண்களை எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். 20 டிகிரி நம் ஊரில் எந்த மாதத்தில், எந்தக் கொட்டகையில் இருக்கிறது?

வேலை நடக்கும் வெப்பநிலைக்கு இரண்டு சூத்திரங்கள் உண்டு. வெப்பநிலையை T என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```
குறைவு  : கொதிநிலை >= 5 x T + 50
அதிகம்  : கொதிநிலை <  2 x T + 10
```

இரண்டுக்கும் இடையில் இருந்தால் நடுத்தரம். T-க்கு 20 போட்டுப் பாருங்கள்; அந்த 150-உம் 50-உம் வரும்.

நம் கரையில் பெயின்டுக்குக் கிராக்கி எப்போது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையேறி, மராமத்துப் பார்த்து, பெயின்ட் அடிக்கும் காலம். அதாவது பட்டறை இரவு பகலாக ஓடுவது சிமெண்ட் ஷீட் கூரை தகிக்கும் கோடையில். நான் போனது மே மாதம் பிற்பகல். வெப்பமானியைத் தொட்டி விளிம்பில் தொங்கவிட்டேன், 38 காட்டியது.

38-ஐப் போட்டால், குறைவு என்று சொல்ல 240 டிகிரிக்கு மேல் கொதிக்க வேண்டும். அதிகம் என்பதற்கு 86க்குக் கீழே. நம் ஆன்டி ஸ்கின்னின் கொதிநிலை 152. புத்தகத்தின் 20 டிகிரியில் மயிரிழையில் 'குறைவு'. நம் கொட்டகையில் சந்தேகமே இல்லாமல் 'நடுத்தரம்'.

தொட்டியில் இருக்கும் பெயின்ட் கொட்டகையைவிடச் சூடாக இருந்தால் அந்தச் சூட்டைத்தான் எடுக்க வேண்டும். மில்லிலிருந்து இறக்கியவுடன் கையை வைத்தால் சுடும். ஆறவிடாமல் ஆன்டி ஸ்கின் ஊற்றினால் அந்த வெப்பம்தான் உங்கள் T. கிரீம் தயாரிப்பவர்கள் 70 டிகிரியில் எண்ணெயும் நீரும் சேர்க்கும்போதே வாசனைத் திரவியத்தை ஊற்றிவிடுவதும் இதே தவறு.

## 6. மூன்றையும் சேர்த்துப் படிநிலையைப் பாருங்கள்

அட்டவணையில் நான்கு விடைகள்தான் உண்டு. 1 என்றால் நல்ல காற்றோட்டம் போதும். 2 என்றால் தூசியோ ஆவியோ எழும் இடத்திலேயே உறிஞ்சும் ஏற்பாடு. 3 என்றால் மூடிய ஏற்பாடு, ஆள் திறந்த பொருளை நெருங்கக்கூடாது. 4 என்றால் இந்த முறையின் கை அதற்கு மேல் நீளாது. நிபுணரைக் கேட்க வேண்டும்.

நம் 440 கிராமுக்கு மூன்று விதமாகப் போட்டுக் காட்டுகிறேன்:

| எதை வைத்துப் போட்டது | தொகுதி | ஆவியாதல் | விடை |
|---|---|---|---|
| பழைய தாள், 20 டிகிரி | டி | குறைவு | 2 |
| பழைய தாள், 38 டிகிரி | டி | நடுத்தரம் | 3 |
| புதிய வகைப்பாடு | இ | எதுவானாலும் | 4 |

உரிமையாளர் ஏற்கெனவே தானாகக் கணக்குப் போட்டு, '2' என்று எழுதி, சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் மாட்டியிருந்தார். கணக்கில் பிழை இல்லை. உள்ளே போட்ட இரண்டு எண்கள்தான் நம் கொட்டகையுடையவை அல்ல.

இன்னொரு பொருளையும் சட்டென்று பார்த்துவிடலாம். சிவப்பு ஆர்கானிக் நிறமி. தாளில் ஒரு குறியீடும் இல்லை, ஆகவே 'ஏ'. ஒரு பேட்சுக்கு ஐந்து கிலோ, நடுத்தரம். புகையாக எழும் தூள், அதிகம். விடை 2. அபாயமே இல்லை என்று தாள் சொன்னாலும், கொட்டும் இடத்தில் உறிஞ்சும் ஏற்பாடு வேண்டும். இதைக் கேட்டு முகம் சுளிக்காத உரிமையாளரை நான் பார்த்ததில்லை.

## 7. விடை '2' என்றால் கொட்டகையில் என்ன செய்வது

முதலில் தூசியையே குறைக்க முடியுமா என்று பாருங்கள். அதே நிறமி பேஸ்டாகக் கிடைத்தால் கொட்டும்போது தூசி எழாது, உறிஞ்சும் குழாயும் தேவைப்படாது. விலை கூடும். குழாய், மோட்டார், மின்சாரம் எல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தூளேதான் என்றால், உறிஞ்சும் வாய் தூசி எழும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு பக்கத்தில்? குழாயின் வாய் அகலம் எவ்வளவோ, அந்தத் தூரத்துக்குள். ஒரு வாய் அகலம் தள்ளிப் போனாலே உறிஞ்சும் வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். சுவரில் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் எட்டடி தள்ளி இருக்கிறது. தூசிக்கு அது இருப்பதே தெரியாது. அது '1'க்கு உரியது, '2' ஆகாது.

ஆள் நிற்கும் இடமும் முக்கியம். தூசி அவர் முகத்தைக் கடந்து குழாய்க்குப் போகக்கூடாது. தொட்டியின் எதிர்ப்பக்கத்தில் வாயை வையுங்கள். மூட்டையை உயரத் தூக்கிக் கொட்டாமல், அதன் வாயைத் தொட்டிக்குள் இறக்கிக் கொட்டச் சொல்லுங்கள். காலி மூட்டையைக் காலால் மிதித்துச் சுருட்டும் பழக்கம்தான் பாதித் தூசிக்குக் காரணம். அதையும் உறிஞ்சும் வாய்க்கு முன்னாலேயே மெதுவாகச் சுருட்டிப் பையில் போட வேண்டும்.

கச்சான் அடிக்கும் மாதங்களில் மேற்குக் கதவைத் திறந்து வைத்தால் எந்த உறிஞ்சும் வாயும் வேலை செய்யாது. காற்று தூசியை வாயிடமிருந்து பறித்துக்கொண்டு போய்விடும். வாடை வந்தால் திசை மாறும். கொட்டும் நேரத்தில் காற்று வரும் பக்கத்துக் கதவைச் சாத்துங்கள், அல்லது தட்டி கட்டுங்கள். கூரைக்கு வெளியே போகும் குழாயின் வாய் எந்தக் காற்றுக்கும் தூசி ஜன்னல் வழியாகத் திரும்பி வராதபடி உயரமாக இருக்க வேண்டும்.

உப்புக்காற்றில் சாதாரணத் தகரக் குழாய் சீக்கிரம் அரிக்கும். முதலில் ஓட்டை விழுவது வெளியே தெரியாத வளைவில். மோட்டார் ஓடும், சத்தம் கேட்கும், வாயில் இழுப்பு இருக்காது. பெயின்ட் பட்டறையில் மோட்டாரும் சுவிட்சும் தீப்பொறி வெளியேறாத வகையாகவும் இருக்க வேண்டும்.

இழுப்பைச் சோதிக்க ஒருவர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்தார். கரைப்பான் மணம் வீசும் கொட்டகையில்! கையைத் தட்டிவிட்டேன். நெருப்பு வேண்டாம். முகப்பவுடரை ஒரு சிட்டிகை தட்டிவிட்டுப் பாருங்கள். வாயை நோக்கி ஓடினால் சரி, அலைந்து திரிந்தால் சரியில்லை. திங்கட்கிழமை காலையில் ஒரு தடவை போதும்.

## 8. விடை '4' என்றால்

இன்னும் பெரிய ஃபேன் வாங்குவது விடையல்ல. முகக்கவசம் வாங்குவதும் விடையல்ல, துணிக்கவசம் ஆவியைத் தடுக்காது. முதல் கேள்வி: இந்தப் பொருள் இல்லாமல் முடியுமா?

ஆன்டி ஸ்கின்னுக்கு மாற்று உண்டு. வியாபாரியிடம் 'ஆக்ஸைம் கலக்காதது' என்று அழுத்திக் கேளுங்கள். பெயரை மாற்றி இன்னொரு ஆக்ஸைமைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். குடும்பம் ஒன்றென்றால் குணமும் நெருக்கமாக இருக்க வாய்ப்பு உண்டு. மாற்றுப் பொருளையும் முதல் படியிலிருந்து போட்டுப் பாருங்கள். பட்டறை உரிமையாளர் கடைசியில் வாங்கியதன் தாளில் H302-உம் H319-உம் இருந்தன. கொதிநிலை 200க்கு மேல். 'பி' தொகுதி, கிராம் கணக்கு, 38 டிகிரியில் நடுத்தரம். விடை 1.

அப்புறம் பெயின்ட் பெயின்டாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பாதி நிரப்பிய டின்கள் மூன்றை மூடி வைத்து, தினம் ஒருமுறை திறந்து ஆடை படிகிறதா என்று பத்து நாள் பார்த்தோம். பலகையில் பூசி, காயும் நேரத்தையும் பழைய பெயின்டோடு ஒப்பிட்டோம். சில மாற்றுகள் கோபால்ட் டிரையரை அளவுக்கு மீறிப் பிடித்துவைத்து, பெயின்டைக் காயவிடாது. முதல் அளவில் நமக்கும் அப்படித்தான் ஆனது. பாதியாகக் குறைத்த பிறகு சரிவந்தது.

பழைய ஆக்ஸைம் வேலை செய்யும் விதத்தையும் நினைவில் வையுங்கள். டின்னுக்குள் டிரையரைக் கட்டிப்போடும். பூசியதும் ஆவியாகி வெளியேறும். அதன் பிறகே பெயின்ட் காயும். ஆக, நீங்கள் ஊற்றிய 440 கிராமும் கடைசியில் யாரோ ஒருவருடைய மூச்சுக்குப் பக்கத்தில்தான் வெளியேறுகிறது. படகின் அடித்தளத்துக்குள் இறங்கிப் பூசுகிறவருக்கு ஃபேனும் இல்லை, கதவும் இல்லை. உங்கள் கொட்டகைக்குள் மட்டும் 4-ஐச் சமாளித்தால் அவருக்கு ஒன்றும் மாறாது. மாற்றை முதலில் தேடச் சொல்வது அதனால்தான்.

மாற்றவே முடியாத பொருள் என்றால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தையோ, தொழில் சுகாதாரம் படித்த ஒருவரையோ அணுகுங்கள். அதுவரை அந்த வேலையை நிறுத்தி வைப்பதே சரி.

## 9. தோலுக்குத் தனிக் கணக்கு

மேலே போட்டதெல்லாம் மூச்சுக்கு. H312, H314, H317, H318 போன்ற குறியீடுகள் இருந்தால் தோலுக்கும் கண்ணுக்கும் தனியாக ஒரு வரி எழுத வேண்டும். விடை 1 வந்தாலும் இது மாறாது.

கையுறை என்றால் மருந்துக்கடையின் மெல்லிய ரப்பர் கையுறை அல்ல. கரைப்பான் அதை நிமிடங்களில் கடந்துவிடும். எந்தப் பொருளால் செய்த கையுறை, எவ்வளவு நேரம் தாங்கும் என்பது தாளின் எட்டாம் பிரிவில் இருக்கும். "பொருத்தமான கையுறை அணியவும்" என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தத் தாளை எழுதியவர் வேலையை முடிக்கவில்லை; திருப்பிக் கேளுங்கள். கண்ணுக்கு, பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி.

## 10. எழுதி வைத்து, எப்போது திரும்பப் பார்ப்பது

ஒரு வேலைக்கு ஒரு வரி போதும்: பொருள், சிஏஎஸ் எண், தாளின் தேதி, தொகுதி, அளவு, அன்றைய வெப்பநிலை, விடை, செய்த ஏற்பாடு. வெப்பநிலையையும் தாளின் தேதியையும் விட்டுவிட்டு எழுதிய நோட்டு, அடுத்த வருடம் யாருக்கும் உதவாது. விடை எப்படி வந்தது என்று தெரியாமல் அதைத் திருத்த முடியாது.

வியாபாரி மாறினால், புதிய தாள் வந்தால், பேட்ச் அளவு கூடினால் திரும்பப் போட வேண்டும். இவை எதுவும் நடக்காவிட்டாலும் வருடம் ஒருமுறை, ஏப்ரல் முதல் வாரத்தில், தடைக்கால ஆர்டர்கள் குவியும் முன்னால் போடுங்கள். அந்த உரிமையாளர் இப்போது வெப்பமானியைத் தொட்டிக்கு மேலேயே ஆணியடித்து மாட்டிவிட்டார். பழைய கேனில் மீதமிருந்த பதினொரு கிலோ ஆக்ஸைமை என்ன செய்வது என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. கடலிலும் ஊற்றக்கூடாது, மணலிலும் ஊற்றக்கூடாது. மூடி முத்திரையிட்டு, அபாயக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவரிடம் கொடுக்க வேண்டும். வாங்கிய வியாபாரி திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று முதலில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.